முத்திரை அட்டையா, புள்ளிகளா, நேரடித் தள்ளுபடியா? சிறு கடைக்கு எது பொருந்தும்

கடந்த சில வாரங்களில் மூன்று கடைக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர், ஒருவர் பேக்கரிக்காரர், மூன்றாமவர் இரண்டு கல்லா வைத்த சிறிய மளிகை சூப்பர்மார்க்கெட்காரர். "வாடிக்கையாளர் அட்டை ஒன்று போடலாம் என்று இருக்கிறேன். முத்திரை குத்தும் அட்டையா, போன் எண்ணில் சேரும் புள்ளியா, இல்லை பேசாமல் விலையைக் குறைத்துவிடலாமா?"

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவரிடமும் நான் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: கல்லாவில் நிற்கும் பையன் அதை எப்படிச் சொல்வான்? பின்னால் வரிசை நிற்கும்போது, பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, ஒரே வாக்கியத்தில் அவன் சொல்லி முடிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை முதலில் எழுதுங்கள், திட்டத்தைப் பிறகு வகுக்கலாம் என்றேன். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மென்பொருள் வாங்கி, விதிகளை அடுக்கி, அட்டை அச்சடித்த பிறகு, அதை எப்படி விளக்குவது என்று யோசிக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை நான்கு. முதலாவது, மேலே சொன்ன ஒற்றை வாக்கியம். இரண்டாவது, பரிசின் செலவு விற்பனையில் எவ்வளவு, அதைவிட முக்கியமாக லாபத்தில் எவ்வளவு என்பது. மூன்றாவது, ஒரு சாதாரண வாடிக்கையாளர் முதல் பரிசைத் தொட எத்தனை வாரம் ஆகும். நான்காவது, கல்லாவில் கூடும் வேலையும் அங்கே நடக்கக்கூடிய திருட்டும்.

காப்பித்தூள் கடையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று சற்றே உருட்டியிருக்கிறேன். கிலோ 640 ரூபாய். கொட்டை, சிக்கரி, வறுக்கும் செலவு, பை எல்லாம் சேர்த்து அடக்கம் 500 ரூபாய். ஆகவே கால் கிலோ 160 ரூபாய்க்குப் போகிறது, அதில் 35 ரூபாய் நிற்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாரம் கால் கிலோ வாங்குகிறார்கள், மீதிப் பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ வாங்குகிறார்கள். அதாவது ஒரு குடும்பம் பத்து வாரத்தில் 1,600 ரூபாய்க்கு வாங்குகிறது, கடைக்கு 350 ரூபாய் நிற்கிறது. மூன்று திட்டங்களையும் இந்த 1,600 ரூபாய் மீதே வைத்துப் பார்ப்போம்.

## முத்திரை அட்டை

கடைக்காரர் முதலில் யோசித்து வைத்திருந்தது இது: அரைக் கிலோவுக்கு ஒரு முத்திரை, 20 முத்திரை சேர்ந்தால் அரைக் கிலோ இலவசம். கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருபவருக்கு 20 முத்திரை சேர 40 வாரம் ஆகும். சித்திரைப் பிறப்பன்று அட்டை வாங்கினால் தை பிறந்த பிறகுதான் பரிசு. அதற்குள் அட்டை எங்கே இருக்கும் என்பது அஞ்சறைப் பெட்டிக்குத்தான் தெரியும். கால் கிலோ வாங்குபவருக்கோ இதில் இடமே இல்லை.

மாற்றி எழுதினோம். கால் கிலோவுக்கு ஒரு முத்திரை, அரைக் கிலோவுக்கு இரண்டு, 10 முத்திரைக்கு 100 கிராம் இலவசம். இப்போது சிறிது சிறிதாக வாங்குபவருக்கும் மொத்தமாக வாங்குபவருக்கும் பத்தே வாரம். பரிசின் விலை 64 ரூபாய், 1,600இல் 4 சதவீதம். பழைய திட்டத்தில் 5 சதவீதம் கொடுத்து 40 வாரம் காக்க வைத்திருப்பார். இதில் குறைவாகக் கொடுத்து நான்கில் ஒரு பங்கு காலத்தில் கையில் கொடுக்கிறார்.

அட்டையில் 10 கட்டத்துக்குப் பதில் 12 கட்டம் அச்சடித்து, கொடுக்கும்போதே இரண்டில் முத்திரை குத்திக் கொடுக்கச் சொன்னேன். வாங்க வேண்டியது அதே பத்துதான். இது வெறும் தந்திரம் போலத் தோன்றும், ஆனால் சோதித்துப் பார்த்தது. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கார் கழுவும் இடமொன்றில் 300 அட்டைகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 கட்ட வெற்று அட்டை, மீதிப் பேருக்கு இரண்டு முத்திரை ஏற்கெனவே குத்திய 10 கட்ட அட்டை. இருவரும் எட்டு முறைதான் வர வேண்டும். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், தொடங்கிக் கொடுக்கப்பட்டவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது.

இனி லாபக் கணக்கு. 100 கிராமின் அடக்கம் 50 ரூபாய். பத்து வாரத்தில் நிற்கும் 350 ரூபாயில் இது ஏழில் ஒரு பங்கு. ஒரு பொட்டலத்தில் 35 ரூபாய் நிற்பதால், இந்த 50 ரூபாயை மீட்க, பத்துப் பொட்டலத்தில் குறைந்தது இரண்டாவது அட்டை இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போயிருக்க வேண்டும். பத்தையும் எப்படியும் உங்களிடமே வாங்கியிருக்கக்கூடியவருக்குக் கொடுத்த பரிசு வெறும் செலவுதான். அட்டையை ஒழுங்காக நிரப்பி வருபவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவர் எப்போதும் வாங்கும் அதே தூளையே இலவசமாகக் கொடுத்தால், அடுத்த முறை அந்த அளவுக்குக் குறைவாக வாங்குவார். அப்போது உங்களுக்குப் போவது 50 அல்ல, 64 ரூபாய். எனவே பரிசாக அவர் வழக்கமாக வாங்காத ஒன்றைக் கொடுப்பது நல்லது. இந்தக் கடையில் பீபெரி என்ற காப்பி ரகத்தின் தூள் 100 கிராம் என்று முடிவானது. அடக்கம் சில ரூபாய் கூடினாலும், ருசி பிடித்துப்போய் சிலர் அதற்கே மாறினால் லாபம்.

முத்திரை அட்டையின் பலவீனம் முத்திரையே. ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் எந்த வடிவத்தையும் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். சாண்ட்விச் விற்கும் சப்வே நிறுவனம் பல ஆண்டு நடத்திய முத்திரைத் திட்டத்தை 2005இல் நிறுத்தியதற்குக் காரணமே போலி முத்திரைகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததுதான். சிறு கடைக்கு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. முத்திரையின் மேல் தேதியும் சுருக்கொப்பமும் போட்டால் போதும். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் ஆறு முத்திரை தெரிந்தால் கேட்கலாம். அட்டை தொலையும் தொல்லைக்கும் வழி உண்டு: பெயர் வரிசைப்படி ஒரு பெட்டியில் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரைச் சொன்னால் எடுத்துக் குத்திவிட்டு வைத்துவிடலாம். இருநூறு அட்டை வரை இது சரிப்படும், அதற்கு மேல் தேடவே ஆள் வேண்டும்.

## போன் எண்ணில் சேரும் புள்ளிகள்

என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஓராண்டாக வாங்கியதில் பில்லின் அடியில் "உங்கள் புள்ளிகள்: 2,140" என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பண்டிகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். 400 புள்ளிக்கு 10 ரூபாய், அதுவும் முழு நானூறுகளுக்கு மட்டும். ஆக 50 ரூபாய், மீதி 140 புள்ளி அடுத்த முறைக்கு. எனக்கு வந்த எரிச்சல் 50 ரூபாயால் அல்ல, 2,140 என்ற எண்ணால். ஓராண்டு முழுக்க அந்த எண் என்னிடம் வேறொரு வாக்குறுதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. புள்ளியே இல்லாமல் ஒரு நாள் 50 ரூபாய் குறைத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

ஆகவே புள்ளித் திட்டத்தில் என் முதல் விதி: ஒரு புள்ளி ஒரு ரூபாய். பெரிய எண்ணைக் காட்டி மயக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அடுத்தது, எத்தனை ரூபாய்க்கு ஒரு புள்ளி என்பது. "100 ரூபாய்க்கு 4 புள்ளி" என்பது சொல்ல அழகாக இருக்கிறது. ஆனால் முழு நூறுகளை மட்டும் கணக்கிட்டால், 160 ரூபாய்ப் பொட்டலத்துக்கு 4 புள்ளி, இரண்டு பொட்டலம் சேர்த்து 320 ரூபாய்க்கு 12 புள்ளி. தனித்தனியாக இரண்டு முறை வாங்கியவருக்கு 8தான். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கணக்கு ஆசிரியர் தேவையில்லை, அடுத்த வாரமே வந்து கேட்பார்கள். "25 ரூபாய்க்கு 1 புள்ளி" என்று மாற்றினால் 160க்கு 6, 320க்கு 12. சண்டை இல்லை. பத்து வாரத்தில் 1,600 ரூபாய்க்கு இந்த இரண்டில் எப்படி வாங்கியவருக்கும் 60 புள்ளி, 60 ரூபாய்.

செலவு முத்திரை அட்டையை ஒட்டியே வருகிறது போலத் தெரியும். மறைந்திருக்கும் செலவுகள் வேறு. மென்பொருளுக்கு மாதச் சந்தா. குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் கட்டணம் தவிர, வணிகச் செய்திகளுக்கான விதிப்படி நிறுவனத்தின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்பதிவு செய்யும் வேலை. இவற்றைவிடப் பெரியது, சேர்ந்து கிடக்கும் புள்ளிகள். மாதம் 5 லட்சம் ரூபாய் விற்கும் கடையில் 3.5 லட்சத்துக்கு 3 சதவீதம் புள்ளி கொடுத்தால், மாதம் 10,500 ரூபாய் மதிப்புள்ள புள்ளி வெளியே போகிறது. ஆறு மாதத்தில் 63,000. அதில் 25,000 ரூபாய்க்குத்தான் மக்கள் எடுத்திருக்கிறார்கள் என்றால் மீதி 38,000 லாபமல்ல, கடன். பெரிய நிறுவனங்கள் கணக்கியல் விதிப்படி அதைப் பொறுப்பாகவே எழுதி வைக்க வேண்டும். சிறு கடைக்காரர் எழுதுவதில்லை. தீபாவளி வாரத்தில் எல்லோரும் ஒன்றாக எடுக்க வரும்போதுதான் தெரியும். கொள்முதலுக்குப் பணம் அதிகம் தேவைப்படும் வாரமும் அதுதான்.

போன் எண் விஷயத்திலும் கவனம் வேண்டும். எண் கொடுத்தால்தான் பொருள் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக எண்ணை வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வரிசையில் நிற்கும் ஒரு பெண் தன் எண்ணை உரக்கச் சொல்லத் தயங்குகிறார், பின்னால் நிற்பவர் காதில் விழும் என்பதால். எண்ணைத் தானே அழுத்திக்கொள்ள ஒரு சிறு விசைப்பலகையை முன்னால் வைத்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

திருட்டு இங்கே கல்லாவுக்கு உள்ளே நடக்கிறது. புள்ளி வேண்டாம் என்று போகிறவர்களின் பில்லில் ஊழியர் தன் எண்ணையோ தம்பியின் எண்ணையோ அடித்துவிடுவார். வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை, ஆகவே புகாரும் வராது. மாதக் கடைசியில் எண்வாரியாகப் பட்டியல் எடுங்கள். ஒரே எண்ணில் ஒரே நாளில் மூன்று நான்கு பில் வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

## நேரடித் தள்ளுபடி

கால் கிலோ 160, அரைக் கிலோ 310. பலகையில் எழுதிவிட்டால் விளக்க எதுவுமில்லை. 1,600 ரூபாய்க்கான ஐந்து அரைக் கிலோவில் குறைவது 50 ரூபாய், முடிந்த முத்திரை அட்டையின் அடக்கச் செலவும் ஏறக்குறைய அதே 50. அட்டை வேண்டாம், மென்பொருள் வேண்டாம், திருட வழியும் இல்லை.

ஆனால் இது திரும்பி வரச் சொல்லும் திட்டமல்ல, மொத்தமாக வாங்கச் சொல்லும் திட்டம். ஊருக்கு வந்தவர், ஒரே முறை வந்தவர் என எல்லோருக்கும் போகிறது. முடிக்காத முத்திரை அட்டைக்குச் செலவில்லை, இதில் ஒவ்வொரு விற்பனையிலும் செலவுண்டு. இன்னொன்று, கொடுத்த விலைக்குறைப்பைத் திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதத்தில் 310தான் விலை என்று ஊர் பழகிவிடும், மறுபடி 320 ஆக்கினால் விலையேற்றம் என்றுதான் பேசும்.

வரிக் கணக்கில் மட்டும் இதுவே சுத்தமானது. விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடித் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்பளிப்பாகக் கொடுத்த பொருளுக்கோ, அதை வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே முத்திரை அட்டையின் பரிசையும் பில் போடாமல் தூக்கிக் கொடுக்காமல், மற்ற கொள்முதலோடு விலை போட்டுத் தள்ளுபடியாகக் காட்ட முடியுமா என்று உங்கள் கணக்கரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முத்திரை அட்டை | புள்ளிகள் | நேரடித் தள்ளுபடி |
|---|---|---|---|
| கல்லாவில் சொல்லும் வாக்கியம் | "10 கால் கிலோ வாங்கினால் 100 கிராம் பீபெரி இலவசம்" | "25 ரூபாய்க்கு 1 புள்ளி, 1 புள்ளி 1 ரூபாய்" | "அரைக் கிலோ 310" |
| 1,600 ரூபாய்க்கு வாடிக்கையாளர் பெறுவது | 64 ரூபாய்ப் பொருள் அல்லது சற்று கூடுதல் | 60 ரூபாய் | 50 ரூபாய், அரைக் கிலோவாக வாங்கினால் மட்டும் |
| முதல் பலன் | 10 வாரம் | நீங்கள் வைக்கும் குறைந்தபட்சத்தைப் பொறுத்தது | அன்றே |
| மறைந்த செலவு | அட்டை தொலைதல், தேடும் நேரம் | சந்தா, செய்திக் கட்டணம், சேர்ந்த கடன் | திரும்ப எடுக்க முடியாமை |
| ஏமாற்று | போலி முத்திரை | ஊழியரின் எண் | இல்லை |

## எந்தக் கடைக்கு எது

காப்பித்தூள் கடைக்கு முத்திரை அட்டை. ஒரே பொருள், ஒழுங்கான இடைவெளி, முகம் தெரிந்த வாடிக்கையாளர்கள்.

பேக்கரிக்காரரின் கடை பேருந்து நிலையத்தை ஒட்டியது. தேநீரும் பஃப்ஸும் வாங்கிப் போகிறவர்களில் பலரை அவர் மறுபடி பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு அட்டை கொடுப்பது அச்சுக்கூலிக்குக் கேடு. மாலை ஏழு மணிக்கு மேல் ரொட்டிக்கு விலைக்குறைப்பு போடச் சொன்னேன். மிஞ்சிப்போய் வீணாகும் சரக்காவது குறையும். பிறந்தநாள் கேக் வாங்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு அட்டை யோசிக்கலாம், ஆனால் ஆண்டுக்கு இரண்டு கேக் வாங்குபவருக்குப் பத்துக் கட்டம் போட்டால் ஐந்து ஆண்டு ஆகும்.

சூப்பர்மார்க்கெட்டுக்குப் புள்ளிதான், ஏனென்றால் நூற்றுக்கணக்கான பொருள்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு லாபம். ஆனால் மொத்த பில்லுக்கும் புள்ளி கூடாது. பால், சர்க்கரை, எண்ணெய் இவற்றில் நிற்பதே சொற்பம், அதில் 3 சதவீதம் கொடுத்தால் கையிலிருந்து போகும். "பால், எண்ணெய், சர்க்கரை, சலுகை விலைப் பொருள்கள் தவிர" என்று நீளும் பட்டியல் சண்டைக்கு அழைப்பு. மாறாக, "எங்கள் பொட்டலப் பருப்பு, மசாலா, தானியங்களுக்குப் புள்ளி உண்டு" என்று எழுதலாம். எதற்கு இல்லை என்பதைவிட எதற்கு உண்டு என்பது எப்போதும் குறைந்த சொற்களில் அடங்கும்.

## அட்டையின் பின்பக்கம்

சண்டைகள் பெரும்பாலும் சின்னச் சொற்களில் ஒளிந்திருக்கின்றன. "500 ரூபாய்க்கு மேல்" என்றால் சரியாக 500க்கு உண்டா? கடைக்காரர் இல்லை என்பார், வாடிக்கையாளர் உண்டு என்பார், இருவரும் தமிழ் தெரிந்தவர்களே. "500 ரூபாய் முதல்" என்று எழுதுங்கள். "10 வாங்கினால் 1 இலவசம்" என்பதில் பத்தாவதே இலவசமா, பதினொன்றாவதா? "10 வாங்கிய பிறகு 1 இலவசம்" என்பது தெளிவு. "100 கிராம் வரை" என்று எழுதினால் 50 கிராம் கொடுத்தாலும் சரிதானே என்று சந்தேகம் வரும். "ஆறு மாதம் செல்லும்" என்பதில் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி தொங்கும், ஆகவே தேதியையே எழுதி "அன்றும் செல்லும்" என்று சேர்த்துவிடுங்கள்.

இவற்றை வைத்து, அச்சகத்தார் கொடுத்த மாதிரி வாசகத்தைப் பாருங்கள்: "தகுதியுள்ள கொள்முதல்களின் மீது வழங்கப்படும் வெகுமதிகள் நிர்வாகத்தின் இறுதி முடிவுக்கு உட்பட்டவை." இதைப் படிப்பவருக்குத் தெரியவருவது, கடைக்காரர் மனம் மாறலாம் என்பது மட்டும்தான். நாங்கள் எழுதியது இது:

> கால் கிலோ வாங்கினால் ஒரு முத்திரை. அரைக் கிலோவுக்கு இரண்டு.
> இரண்டு முத்திரை எங்கள் அன்பளிப்பு. மீதி 10 சேர்ந்ததும் 100 கிராம் பீபெரித் தூள் இலவசம்.
> 2027 மார்ச் 31 வரை செல்லும், அன்றும் செல்லும்.
> அட்டை தொலைந்தால் புது அட்டை தருவோம், பழைய முத்திரைகளைத் தர இயலாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைக்கு வந்த ஐந்து பேரிடம் இதைப் படிக்கக் கொடுத்து ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: "முக்கால் கிலோ வாங்கினால் எத்தனை முத்திரை?" மூன்று என்று நான்கு பேர் உடனே சொன்னார்கள். ஐந்தாமவர், எழுபதைத் தாண்டிய ஒரு மாமி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "நாங்கள் 200 கிராம்தானே வாங்குகிறோம், எங்களுக்கு?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அட்டையைப் பார்த்தேன். அட்டையில் அதற்குப் பதில் இல்லை. முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "200 கிராம் அல்லது கால் கிலோ வாங்கினால் ஒரு முத்திரை."